நாலு மணிக்கு ஐந்து

வெலிமடை பஸ் கண்டக்டர் ஒரு காக்கி உறையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "ஒங்க பழைய சேர் குடுத்தாரு. இன்னைக்கே பாக்கணுமாம்" என்றார். காதில் இன்னும் விசிலும் இரைச்சலுமாக இருந்திருக்கும் போல, கத்தித்தான் சொன்னார். மருந்து வாங்க நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் பார்மசி ஒன்றில் நான் கணக்கும் கடிதமும் பார்க்கிறேன். சேர் அங்கே மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வெலிமடையில் லீக்ஸ் பயிர் போடுகிறார். எதையும் கையால் எழுதித்தான் பழக்கம் அவருக்கு. டைப் செய்வது, இங்கிலீஷைத் திருத்துவது, உறையில் விலாசம் எழுதுவது எல்லாம் அன்றும் நான்தான், அவர் போன பிறகும் நான்தான். ஓய்வு அவருக்கு மட்டும்தான் போல என்று வீட்டில் சலித்துக்கொள்வேன்.

உறைக்குள் இரண்டு தாள்கள். ஒன்று பண்டாரவளைப் பக்கம் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனை அனுப்பிய படிவம். எங்கள் கடையில் முன்பு வேலை பார்த்த ஒரு பெண்ணை மருந்துக் களஞ்சியத்துக்கு எடுக்க நினைக்கிறார்களாம். தடுப்பூசியும் இன்சுலினும் இருக்கும் குளிர்ப்பெட்டி அவள் பொறுப்பில் வரும். அவளைப் பற்றி முந்தைய மேனேஜர் என்ன சொல்கிறார் என்று கேட்டிருந்தார்கள். வேலை எப்படி, நேர்மை எப்படி, மறுபடி எடுப்பீர்களா என்று கேள்விகள். கடைசியாக யாரிடம் வேலை பார்த்தாய் என்று கேட்டால் சேரின் பேரைத்தானே அவள் கொடுக்க முடியும், பாவம்.

இரண்டாவது தாள் சேரின் பதில். பேனா தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தி எழுதியிருந்தார். இவள் பொய்க்கணக்கு எழுதுபவள். குளிர்ப்பெட்டித் தாளில் பொய் எழுதி ஒரு நோயாளியின் உயிரோடு விளையாடியவள். நன்றி கெட்டவள். கேட்டதும் திமிராக வேலையை விட்டுப் போனவள். இவளைச் சேர்ப்பவர் பிறகு அழவேண்டி வரும். மறுபடி எடுப்பீர்களா என்ற கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" என்று எழுதி, கீழே இரண்டு கோடு.

ஓரத்தில் எனக்கு ஒரு குறிப்பு: "கொஞ்சம் சூடாகிவிட்டது. நாகரிகமாக மாற்றி, சுருக்கி டைப் பண்ணவும். விஷயம் மாறக்கூடாது."

அதைப் படித்ததும் பயம் வந்தது. அவளுக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். அந்த விஷயம் என்ன என்பது எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

எங்கள் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். காலை எட்டரைக்கும் மாலை நாலுக்கும் உள்ளேயிருக்கும் வெப்பமானியைப் பார்த்து எண்ணை எழுத வேண்டும். இரண்டுக்கும் எட்டுக்கும் இடையில் இருந்தால் சரி. பக்கத்துக் கட்டத்தில் பார்த்தவர் சுருக்கக் கையெழுத்துப் போட வேண்டும். சட்டம் அப்படி. ஆனால் எங்களில் பாதிப் பேர் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். பசறைப் பக்கம் என் தோட்டத்துக்குக் கடைசி பஸ் மூன்றே முக்காலுக்கு. அதை விட்டால் த்ரீவீலருக்கு அழ வேண்டும், இல்லை இருட்டில் தேயிலைக்குள் நடக்க வேண்டும். அதனால் நாலு மணி எண்ணை மூன்று, மூன்றரைக்கே எழுதிவிட்டுப் போவோம். சில நாள் சோறு சாப்பிட்ட கையோடு பன்னிரண்டரைக்கே எழுதுவோம். எப்போதும் ஐந்து. பார்த்தாலும் ஐந்து, பார்க்காவிட்டாலும் ஐந்து. மறுநாள் காலையில் அந்தப் பெண் வந்து முதல் நாள் கட்டங்களில் எல்லாம் தன் சுருக்கக் கையெழுத்தைப் போட்டுவிடுவாள், தாள் அவள் பொறுப்பு என்பதால். யாரும் அதைக் களவு என்று நினைக்கவில்லை. சேருக்கும் தெரியும். "பஸ்ஸ விட்றாதீங்க" என்று அவரே விரட்டிய நாட்கள் உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை. அன்று அந்தப் பெண்ணை வங்கிக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றரை தாண்டியிருக்கும். தோளில் பையை மாட்டிக்கொண்டே, குளிர்ப்பெட்டியின் கதவைத் திறக்காமலேயே, நான்தான் நாலு மணிக் கட்டத்தில் ஐந்து என்று எழுதினேன். எழுதிவிட்டு ஓடினேன். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டதுகூட ஞாபகம் இருக்கிறது.

அன்று சாயந்தரம் ஒரு ஐயா வந்து இன்சுலின் வாங்கிப் போயிருக்கிறார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சீனி வருத்தக்காரர். எங்கள் பஸ் பாதையில்தான் அவர் தோட்டமும், அதுவரைக்கும் பிந்திய பஸ்ஸும் உண்டு. ஒரு நீல நிறப் பிளாஸ்க்கில் ஐஸ் போட்டு, மருந்துக் குப்பியைத் துணியில் சுற்றி, ஐஸில் நேரே படாமல் வைத்துக் கொண்டுபோவார். "ஐஸு மேல பட்டா மருந்து செத்துரும், இல்லீங்களா" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். படிக்காத மனிதர். எங்களைவிடப் பக்குவமாக வைத்திருந்தார்.

சனிக்கிழமை காலை அந்தப் பெண் குளிர்ப்பெட்டியைத் திறந்தபோது வெப்பமானியில் பூச்சியத்துக்குக் கீழே இரண்டு. பின்பக்கம் இருந்த இன்சுலின் பெட்டிகள் பனியோடு ஒட்டிக் கிடந்தன. குளிரைக் கட்டுப்படுத்தும் பாகம் பழுதாகியிருந்தது. இன்சுலினுக்கு வெக்கையைவிட உறைவதுதான் எமன். ஒரு தடவை உறைந்தது உருகிய பிறகு பார்வைக்கு ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம், ஆனால் அதை நம்பி உடம்பில் ஏற்றக்கூடாது. அவள் கட்டத்தில் உண்மையான எண்ணை எழுதினாள். ஓடிப்போய் சேரிடம் சொன்னாள். இருந்த மருந்தையெல்லாம் ஒதுக்கச் சொன்னார். அப்போது அவள் கேட்டாள், "சேர், நேத்து சாயந்தரம் அந்த ஐயாவுக்குக் குடுத்தோமே, அதையும் திருப்பி எடுக்கணும் இல்லையா?"

சேர் தாளைப் பார்த்தார். "நேத்து நாலு மணிக்கு அஞ்சு இருந்திருக்கு. ராத்திரிதான் கெட்டிருக்கு. அவரோடது நல்ல மருந்துதான், விடுங்க."

நான் மூன்றடி தள்ளி நின்றேன். வாயைத் திறந்திருந்தால் ஒரு டெலிபோன் அழைப்போடு முடிந்திருக்கும். திறக்கவில்லை. ஏன் என்று இன்றைக்கும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், ராத்திரிதான் கெட்டிருக்கும் என்று நானும் நம்ப ஆசைப்பட்டது ஒரு பக்கம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை, வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கிழமை அந்த ஐயா சீனி ஏறி ஆஸ்பத்திரியில் படுத்தார் என்று செய்தி வந்தது. அந்த மருந்தால்தானா என்று எவராலும் சொல்ல முடியாது. அவருடைய குப்பி வெள்ளிக்கிழமை உறைந்திருந்ததா என்பதும் எவருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழி நாலு மணி எண். அதை நான் பார்க்கவில்லை.

இனி முன்கூட்டி எழுதினால் வீட்டுக்குத்தான் என்று சேர் எல்லோரையும் நிற்கவைத்துச் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை மத்தியானம் அவர் தாளைப் பார்த்தபோது நாலு மணிக் கட்டத்தில் ஐந்து ஏறிவிட்டிருந்தது. அந்தப் பெண் எழுதியதுதான். கேட்டதும் ஒத்துக்கொண்டாள். சேர் கொதித்துப் போனார். பழைய தாள்களை எடுத்துப் பார்த்தால் கட்டத்துக்குக் கட்டம் அவள் சுருக்கக் கையெழுத்து, அந்த வெள்ளிக்கிழமை ஐந்துக்குப் பக்கத்திலும். "அதுவும் ஒன் வேலதானா?" என்று கத்தினார். அவள் மறுக்காமல் பையை எடுத்துக்கொண்டு அப்போதே போய்விட்டாள். போகும்போது என்னைத் தாண்டித்தான் போனாள்.

அந்த ஐயா தேறி வந்து பழையபடி எங்களிடமே மருந்து வாங்கினார். "ஒங்க கடைலதான் நம்பி வாங்குறது, மகளே" என்பார். நான் சில்லறை எண்ணுகிற சாக்கில் குனிந்துகொள்வேன். ஒருநாள் பிளாஸ்க்கை மறந்து வைத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் அவர் வரவில்லை. நெஞ்சு அடைத்து இறந்துவிட்டார் என்றார்கள். பிளாஸ்க் என் மேசைக்குப் பின்னால் அலுமாரித் தட்டில் இருக்கிறது. எத்தனையோ தடவை சுத்தம் செய்தோம், அதை மட்டும் எவரையும் தொட விடவில்லை. இப்போதும் மூன்று மணி வாக்கில் யாராவது கவுண்டர் கண்ணாடியைத் தட்டினால் முதலில் அவர்தான் நிற்பதாகத் தோன்றும். நிமிர்ந்து பார்க்க ஒரு நொடி பயம். கர்த்தரிடம் எல்லாம் சொல்லி அழுதேன், பாதிரியாரிடமும் சொன்னேன். சொல்ல வேண்டிய இடம் அது இல்லை என்று உள்ளுக்குள் தெரிந்துதான் இருந்தது.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். முதலில் அவளுடைய கோப்பை எடுத்தேன். நியமனக் கடிதம், லீவுத் துண்டுகள், அவ்வளவுதான். எச்சரிக்கை என்று ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. பிறகு சேரின் பதிலில் ஒரு பென்சிலோடு உட்கார்ந்தேன். நன்றி கெட்டவள், வெட்டு. திமிர், வெட்டு. அழவேண்டி வரும், அது சாபம், வெட்டு. கண்ணால் பார்த்ததும் தாளில் இருப்பதும் மட்டும் நிற்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரத்தில் அழகான ஒரு கடிதம் வந்தது. குளிர்ப்பெட்டித் தாளில் பார்க்காத எண்களை எழுதியது கண்டுபிடிக்கப்பட்டது, அந்தக் காலத்தில் ஒரு நோயாளி பாதிக்கப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் உண்டு, அறிவிப்பின்றி விலகினார். ஒரு கடுஞ்சொல் இல்லை. எட்டே வரி.

வாசித்துப் பார்த்தேன். சேர் கோபமாக எழுதியதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் இந்த மனுஷனுக்கு அவள்மேல் என்னவோ காய்ச்சல் என்று கொஞ்சம் சந்தேகப்படுவார். நான் எழுதியதைப் படித்தால் அப்படியே நம்பிவிடுவார். அமைதியாகச் சொன்ன பொய்க்கு எவ்வளவு மரியாதை கிடைக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். என் ஐந்தை இரண்டாவது தடவை அவள் தலையில் கட்டியிருந்தேன், இந்தத் தடவை நல்ல இங்கிலீஷில்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வெலிமடை பஸ் ஏறினேன். சேர் முழங்கால் வரை பூட்ஸோடு லீக்ஸ் பாத்தியில் நின்றார். "என்னம்மா, ஒரு கடிதத்துக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க" என்று சிரித்தார்.

"சேர், அந்த வெள்ளிக்கிழம அஞ்சு அவ எழுதல. நான் எழுதினேன். பொட்டியத் தொறந்துகூடப் பாக்கல."

அவர் கையிலிருந்த மண்வெட்டியை மெதுவாகக் கீழே வைத்தார். பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"பயம் சேர்."

"நான் அந்தத் தாளப் பாத்துத்தானே அந்த மனுஷனுக்குப் போன் பண்ணாம விட்டேன். ஒங்க அஞ்ச நம்பித்தானே."

"ஆமாங்க."

"வெளிய போங்க" என்றார். வெளியேதானே நின்றோம். நான் நகரவில்லை. அவர்தான் வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார், கையில் கண்ணாடி இருந்தது. படியில் உட்கார்ந்தோம்.

"பஸ்ஸுக்கு ஓடுங்கன்னு வெரட்டினது நானு" என்றார், தரையைப் பார்த்தபடி. "மூணு மணிக்கே எழுதுறீங்கன்னு தெரியும். வெப்பமானியப் பாக்குற நேரத்த மூணு மணின்னு மாத்தியிருந்தா முடிஞ்சது கத. எனக்குத் தோணல." கொஞ்சம் கழித்து, "அந்தப் புள்ளதான் திருப்பி எடுக்கணும்னு கேட்டுச்சு. நான்தான் வேணாம்னேன். அது எப்பவாவது கனவுல வரும்மா" என்றார்.

"அப்ப அவளப் பத்தி நல்லதா மட்டும் எழுதிருவோமா?" என்று நானே கேட்டேன். எனக்கு அது சுலபமாக இருந்திருக்கும்.

"அது எப்படி?" என்று நிமிர்ந்தார். பழைய மேனேஜர் அப்போது தெரிந்தார். "புதன்கிழம எழுதினது அவதானே. எல்லாரையும் நிக்கவச்சு சொன்னதுக்கு அப்புறம். அங்க தடுப்பூசி இருக்கு, கொழந்தைங்களுக்குப் போடுறது. அத மறைச்சா நாளைக்கு இன்னொரு ஐயா. அவ செஞ்சது இருக்கட்டும். அவ செய்யாதது போகட்டும்."

அவர் வாயிலிருந்து வந்த அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தையும் எதிர்பார்க்கவே இல்லை. அதை வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனோம். நோயாளி பற்றிய வரிக்கு வந்ததும், "இது நமக்குத் தெரியுமா?" என்று அவரே கேட்டு, "தெரியாது" என்று அவரே அடித்தார். பொய்க்காரி என்பதற்குப் பதில் என்ன நடந்தது என்பதை மட்டும் போட்டோம். கடையின் தலைப்புத் தாளில் போட வேண்டாம், நீங்கள் இப்போது கடை ஆள் இல்லை, சொந்தப் பேரில் போகட்டும் என்றேன். சரி என்றார். இங்கிலீஷில் போன கடிதத்தின் பொருள் இதுதான்:

"இவர் என் மேற்பார்வையில் இரண்டரை வருடம் வேலை செய்தார். மருந்துகளின் காலாவதித் தேதிகளைக் கவனமாகப் பார்த்தார். நோயாளிகளிடம் பொறுமையாகப் பேசினார். குளிர்ப்பெட்டி பழுதான அன்று உடனே அறிவித்தார். முதல் நாள் விற்ற மருந்தைத் திருப்பி எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். அதை ஏற்காதது என் முடிவு.

எனக்குள்ள குறை ஒன்று. வெப்பநிலையை முன்கூட்டி எழுதக்கூடாது என்று அறிவுறுத்திய பின்னும் ஒருநாள் மாலை எண்ணை மத்தியானமே எழுதினார். கேட்டதும் ஒப்புக்கொண்டார். அதற்கு முன் இந்தப் பழக்கம் எங்கள் ஊழியர் பலரிடமும் இருந்தது, நானும் தடுக்கவில்லை. எழுத்தில் எச்சரிக்கை எதுவும் கொடுத்ததில்லை. அன்றே அறிவிப்பின்றி விலகினார். நான் கடுமையாகப் பேசியதும் அதற்குக் காரணம். அதன் பின் அவருடைய வேலையை நான் அறியேன்.

மறுபடி எடுப்பேனா என்றால், எடுப்பேன். முதல் சில மாதம் குளிர்ப்பெட்டிப் பதிவை இன்னொருவரும் சரிபார்க்க வேண்டும்."

"ஊழியர் பலரிடமும்" என்ற இடத்தில் அவர் பேனா நின்றது. "ஒங்க பேரு போடவேணாம்மா. கேள்வி அவளப் பத்தித்தான்" என்றார். "ஆனா அவங்க போன் பண்ணிக் கேட்டா மறைக்க மாட்டேன்."

"கேட்டா நானே சொல்றேன்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். தேநீர் தரவில்லை, பஸ்ஸுக்கு வழியனுப்ப வரவும் இல்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மறுநாள் கடை முதலாளியிடமும் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. வெப்பமானி பார்க்கும் நேரத்தை மூன்றரைக்கு மாற்றினார். எழுதுகிறவர்தான் சுருக்கக் கையெழுத்தும் போட வேண்டும் என்றார். அவ்வளவுதான். மூன்று வருஷம் நான் பயந்து செத்தது இந்த ஐந்து நிமிஷப் பேச்சுக்குத்தான் என்று நினைத்தபோது எரிச்சலாக வந்தது.

மூன்று கிழமை கழித்து அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். குரல் உடனே அடையாளம் தெரிந்தது.

"அக்கா, வேல கெடச்சிருச்சு. இன்டர்வியூல அந்தப் புதன்கிழமையக் கேட்டாங்க. ஆமா, பஸ்ஸுக்காக எழுதினேன், தப்புன்னு சொன்னேன். சேர் ஒங்கள மறுபடி எடுப்பேன்னு எழுதியிருக்காருன்னாங்க. எனக்கு நம்பவே முடியல. நீங்கதான் டைப் பண்ணியிருப்பீங்க, இல்லையா?"

"ஆமாம்மா" என்றேன். "இன்னொன்னு சொல்லணும். அந்த வெள்ளிக்கிழம..."

"தெரியும்க்கா" என்றாள். "ஒங்க அஞ்சு எனக்குத் தெரியாதா? தெனம் அதுக்குப் பக்கத்துல நான்தானே கையெழுத்துப் போடுவேன். சேர் கத்துனப்ப நீங்க சொல்லுவீங்கன்னு ஒங்க மூஞ்சியப் பாத்தேன். நீங்க குனிஞ்சுக்கிட்டீங்க."

"நீயாவது சொல்லியிருக்கலாமே."

"நானும் எழுதியிருந்தேனே, வேற நாள்ல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?"

மன்னித்துவிடு என்றேன். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாதது நல்லதுதான். பிறகு கேட்டாள்:

"சேருக்குச் சொல்லியிருப்பீங்க, இப்ப எனக்கும் சொல்லிட்டீங்க. அந்த ஐயா வீட்ல சொன்னீங்களாக்கா?"

"இல்ல" என்றேன்.

அவள் வேறு ஒன்றும் கேட்காமல் போனை வைத்துவிட்டாள். அன்று மூன்றரைக்குக் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். நாலு இருந்தது. நாலு என்று எழுதி, பக்கத்தில் என் சுருக்கக் கையெழுத்தைப் போட்டேன். தட்டிலிருந்த நீலப் பிளாஸ்க்கை எடுத்துத் தூசி துடைத்துப் பைக்குள் வைத்தேன். மூன்றே முக்கால் பஸ்ஸில் ஏறி, என் தோட்டத்துக்கு நாலு நிறுத்தம் முன்னாலேயே, அந்த ஐயாவின் மகள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு அருகில் இறங்கிக்கொண்டேன்.